ஒன்றோடொன்று ஒட்டிய மாறிகள்: ரிட்ஜா, லாசோவா?

கேள்வி: என் தரவில் பல மாறிகள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. லாசோவை ஓட்டும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு மாறிகளைத் தேர்ந்தெடுக்கிறது. எதை நம்புவது? ரிட்ஜுக்கு மாறிவிடலாமா?

பதில்: ரிட்ஜ், லாசோ இரண்டும் பெரிய கெழுக்களுக்கு அபராதம் விதிக்கும் பின்னடைவு முறைகள்; லாசோ சில கெழுக்களைப் பூஜ்ஜியமாக்கி மாறிகளைத் தேர்ந்தெடுக்கவும் செய்யும். முன்கணிப்பு மட்டுமே தேவையென்றால் தயங்காமல் ரிட்ஜுக்கு மாறலாம். எந்த மாறி முக்கியம் என்று அறிய வேண்டுமென்றால், லாசோ ஏன் தடுமாறுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

முற்றிலும் ஒரே மாதிரியான இரண்டு மாறிகளின் கெழுக்கள் சேர்ந்து 4 ஆக வேண்டும் என்று கொள்வோம். ரிட்ஜின் அபராதம் கெழுக்களின் வர்க்கங்களின் கூடுதல் என்பதால், 4, 0 என்று வைத்தால் 16 ஆகும். 2, 2 என்று பிரித்தால் 8 தான். ஆகவே அது சமமாகப் பங்கிடுகிறது. லாசோவோ குறியை விட்டு அளவை மட்டும் கூட்டுவதால், எப்படிப் பிரித்தாலும் 4 தான். நடைமுறையில் இரு மாறிகளும் இம்மியளவு வேறுபடுவதால், தரவின் தற்செயலான இரைச்சலே வெற்றியாளரைத் தீர்மானிக்கிறது. சில வரிசைகளை மாற்றினால் தேர்வும் மாறிவிடுகிறது.

scikit-learn தொகுப்பில் உள்ள 442 நோயாளிகளின் நீரிழிவுத் தரவைப் பாருங்கள். அதில் மொத்தக் கொலஸ்ட்ரால் `s1`, எல்டிஎல் `s2`; இரண்டுக்கும் இடையே ஒட்டுறவு ஏறத்தாழ 0.9. அபராதமின்றிப் பொருத்தினால் கெழுக்கள் −792, +477 என்று எதிரெதிராகப் பாய்கின்றன. லாசோவில் அபராதத்தைப் படிப்படியாகக் குறைத்தால் `s1` முன்னதாக நுழைகிறது, `s2` வெகுநேரம் பூஜ்ஜியத்திலேயே நிற்கிறது. இதை வைத்து எல்டிஎல்லுக்குப் பங்கில்லை என்று முடிவு கட்டுவது பிழை.

ரிட்ஜ் இங்கே செய்வது நுட்பமானது. இவ்விரு மாறிகள் மட்டுமே இருப்பதாகவும், ஒவ்வொன்றின் வர்க்கக் கூடுதலும் 1 என்றும் கொண்டால், கெழுக்களின் கூட்டுத் திசைக்கு 1.9, வேறுபாட்டுத் திசைக்கு 0.1 என்ற அளவே தகவல் கிடைக்கிறது. அபராதத்தின் எடை λ = 0.1 எனில், முதல் திசையில் 1.9/2.0, அதாவது 95% தங்குகிறது, இரண்டாவதில் 0.1/0.2, அதாவது பாதிதான் தங்குகிறது. தரவு உறுதியாகச் சொல்வதை விட்டுவைத்து, ஐயத்துக்குரியதையே அது சுருக்குகிறது.

உங்கள் லாசோவைச் சோதிக்க, வரிசைகளைத் திரும்ப வைத்து எடுக்கும் பூட்ஸ்ட்ராப் முறையில் 100 முறை ஓட்டி, ஒவ்வொரு மாறியும் எத்தனை முறை தேர்வாகிறது என எண்ணுங்கள். ஒத்த இரண்டு மாறிகள் மாறி மாறி வந்தால், அந்தக் குழு முக்கியமானது, உறுப்பினரைப் பிரித்தறிய இத்தரவு போதாது என்று பொருள். குழுவைச் சேர்த்தே வைத்துக்கொண்டு தேவையற்றவற்றை நீக்க, இரு அபராதங்களையும் கலக்கும் எலாஸ்டிக் நெட் உதவும்:

```python
make_pipeline(StandardScaler(),
              ElasticNetCV(l1_ratio=[0.1, 0.5, 0.9]))
```

ஒத்த இரண்டு மாறிகளில் ஒன்றை அளக்கும் பரிசோதனைக்கு மட்டுமே செலவு செய்ய முடியும் என்றால் லாசோவின் தேர்வே போதுமானது.

ஒரு எச்சரிக்கை: மாறிகளின் வேறுபாட்டிலேயே தகவல் இருந்தால் ரிட்ஜ் அதையும் அமுக்கிவிடும். மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எல்டிஎல்லைக் கழித்தால் மிஞ்சுவதில் எச்டிஎல்லும் அடங்கும். அத்தகைய இடத்தில் அபராதத்தை மாற்றிப் பார்ப்பதைவிட, அந்த வேறுபாட்டையே தனி மாறியாகச் சேர்ப்பது நல்லது.