கல்வெட்டுத் தமிழில் ஆய்வு: தலைப்புக்கு முன்னால் நாற்பது கல்வெட்டுகள்

கேள்வி: எம்.ஏ. மொழியியல் முடித்திருக்கிறேன். பிஎச்.டி.க்குக் கல்வெட்டுத் தமிழ் எடுக்க ஆசை. யாரும் தொடாத தலைப்பாக எப்படிக் கண்டுபிடிப்பது? தரவு, நெறியாளர் இதையெல்லாம் பதிவு செய்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

பதிவு செய்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நானும் நினைத்தேன். அதனால் ஒன்றரை ஆண்டு போயிற்று. உங்களுக்கும் இப்போது விண்ணப்பத் தேதி நெருங்கிக்கொண்டிருக்கும், தலைப்பை எழுதித் தரும்படி யாரோ கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். அதனால் என் கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் பேச்சு வழக்கு என்பது நான் முதலில் எழுதிக் கொடுத்த தலைப்பு. Shodhganga தளத்தில் தேடினேன். அதே பெயரில் எதுவும் வரவில்லை. புதியது என்று முடிவு செய்துவிட்டேன். தமிழ் ஆய்வேடுகளின் பெயரை ரோமன் எழுத்தில் ஒருவர் kalvettu என்றும் இன்னொருவர் kalvettukal என்றும் எழுதியிருக்கலாம் என்பதும், பழைய ஆய்வேடுகள் பல இன்னும் நூலக அலமாரியில்தான் இருக்கின்றன என்பதும் அப்போது எனக்குத் தோன்றவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அகத்தியலிங்கமும் சண்முகமும் 1250 முதல் 1350 வரையிலான கல்வெட்டுகளின் மொழியை விளக்கி 1970-லேயே நூல் வெளியிட்டிருக்கிறார்கள். ஆ. வேலுப்பிள்ளை கல்வெட்டுத் தமிழின் கிளைமொழிகளை ஆராய்ந்திருக்கிறார். ஒரு நூற்றாண்டை எடுத்து ஒலியன், உருபன், தொடர் என்று விளக்கும் வேலை பெருமளவு நடந்து முடிந்ததுதான். காலத்தை மாற்றிப் போட்டு அதையே மறுபடியும் செய்தால் அது புதுமை ஆகாது. ஒரே காலத்தில், ஒரே வகைக் கல்வெட்டில் இரண்டு வடிவங்கள் போட்டியிடும்போது எது எங்கே வருகிறது, ஏன் வருகிறது என்ற கேள்விக்குத்தான் இன்னும் நிறைய இடம் இருந்தது.

அந்தக் கேள்வி எனக்குக் கிடைத்ததற்கு முன்பே நெறியாளர் கிடைத்துவிட்டார். அவர் இலக்கியப் பேராசிரியர், மிக நல்ல மனிதர். கல்வெட்டு என்றவுடன் மெய்க்கீர்த்தியை எடுக்கச் சொன்னார். மெய்க்கீர்த்தி என்பது அரசனின் புகழைச் சொல்லும் முன்பகுதி. முதலாம் இராசராசனின் ‘திருமகள் போல’ என்று தொடங்கும் மெய்க்கீர்த்தி ஊருக்கு ஊர் கிட்டத்தட்ட அதே சொற்களில்தான் வரும், ஏனென்றால் அது செய்யுள் நடையில் யாத்து அனுப்பப்பட்டது. உள்ளூர்ப் பேச்சு அதில் தலைகாட்டுவது அரிது. அது தெரிவதெல்லாம் பின்பகுதியில், யார் எவ்வளவு நிலம் கொடுத்தார், எத்தனை ஆடு விட்டார் என்று வரும் இடத்தில்தான். மெய்க்கீர்த்தியை ஆராய்வது தாழ்ந்தது என்று நான் சொல்வதாக இலக்கியத் துறை நண்பர்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் கேள்விக்கு அதில் விடை இல்லை என்பதையே சொல்கிறேன். நெறியாளரின் விருப்பம் எந்தத் தரவின் பக்கம் உங்களைத் தள்ளும் என்பதை முன்கூட்டியே பாருங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

இதற்கிடையில், அச்சேறாத கல்வெட்டுகளைத் தாளில் ஒற்றி எடுத்த மைப்படிகளைப் பார்க்க அனுமதி கேட்டு ஓர் அலுவலகத்துக்கு எழுதிவிட்டுப் பதினொரு மாதம் காத்திருந்தேன். மூன்று முறை நேரில் போனேன். மூன்று முறையும் வேறொரு கடிதம் கேட்டார்கள். உதவித்தொகை ஓடிக்கொண்டிருக்கும் ஆய்வாளருக்குப் பதினொரு மாதம் என்பது என்ன என்று அந்த மேசைக்குப் பின்னால் இருந்த யாருக்கும் தெரியவில்லை. அந்த வருத்தம் இன்றும் எனக்குத் தீரவில்லை.

காத்திருந்த காலத்தில் செய்த ஒரு வேலைதான் என்னைக் காப்பாற்றியது. அச்சான தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதி ஒன்றை எடுத்து, கோயிலில் அணையாமல் எரியும் நந்தா விளக்குக்குக் கொடை அளித்த கல்வெட்டுகளை மட்டும் நாற்பது படித்தேன். இவை எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. அரசனின் ஆட்சியாண்டு, ஊர், கொடுத்தவர் பெயர், விளக்கு, அதற்காக விட்ட, எண்ணிக்கை குறையாமல் பேண வேண்டிய சாவா மூவாப் பேராடு பெரும்பாலும் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு, நாள்தோறும் அளக்க வேண்டிய உழக்கு நெய். இந்த வாய்பாட்டின் நடுவில் ஒரு வினை வருகிறது. சிலவற்றில் அது ‘வைத்த’ என்றும் சிலவற்றில் ‘வைச்ச’ என்றும் இருக்கிறது. இன்று நாம் வாயால் ‘வச்ச’ என்று சொல்லும் மாற்றத்தின் பழைய தடம் அது. சூழல் மாறாமல் நிற்க, ஒரு சொல் மட்டும் மாறுகிறது. காலமும் இடமும் கல்வெட்டிலேயே எழுதியிருக்கின்றன. மொழி மாற்றத்தை ஆராய்பவருக்கு இதைவிட வசதியான தரவு எளிதில் அமையாது.

ஆனால் நாற்பதும் உதவவில்லை. பதினேழில் அந்தச் சொல் இருந்த இடம் சிதைந்தோ கட்டடத்துக்குள் மறைந்தோ இருந்தது. வேறு சிலவற்றில் காலமே ஐயத்துக்குரியது. சோழ அரசி செம்பியன் மாதேவி காலத்தில் திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாக, அதாவது கற்கோயிலாக, எடுத்தபோது, பழைய கற்களில் இருந்ததைப் புதுச் சுவரில் படியெடுத்து வெட்டினார்கள். ‘இதுவும் ஒரு பழங்கற்படி’ என்று கல்லிலேயே குறித்தும் வைத்தார்கள். அப்படிப்பட்ட கல்வெட்டில் அரசன் பெயர் பழையதாக இருந்தாலும், எழுத்துக்கூட்டல் படியெடுத்தவருடைய காலத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். அந்தக் குறிப்பைக் கவனிக்காமல் அட்டவணையில் ஏற்றினால் ஒரு மாற்றம் நூறாண்டு முன்னதாகவே நடந்ததாகத் தோன்றிவிடும்.

தரவே விடை சொல்ல முடியாத கேள்விகளும் உண்டு. அக்காலக் கல்வெட்டுகளில் எகர ஒகரங்களின் குறிலும் நெடிலும் பொதுவாக வேறுபடுத்தி எழுதப்படுவதில்லை. புள்ளியும் பெரும்பாலும் இடப்படுவதில்லை. அச்சில் நீங்கள் பார்க்கும் புள்ளியும் நெடிலும் பெரும்பாலும் பதிப்பாசிரியர் படித்து இட்டவை. எனவே இந்த உயிர்களின் அளவைப் பற்றிய தலைப்பு எவ்வளவு புதியதாக இருந்தாலும், கடைசியில் நீங்கள் ஆராய்வது பதிப்பாசிரியரின் தீர்மானத்தைத்தான்.

அந்த நாற்பதின் அட்டவணையை எடுத்துக்கொண்டு, கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒரு மொழியியல் ஆசிரியரிடம் போனேன். அவர் என் கருதுகோளைக் கேட்கவில்லை. நான் எடுத்த நிழற்படம் ஒன்றைக் கணினியில் பெரிதாக்கி, அச்சில் ‘வைத்த’ என்று இருந்த இடத்தை விரலால் காட்டி, “இங்கே என்ன எழுத்து, நீயே படி” என்றார். கல் பொரிந்திருந்தது, அது தகரமா சகரமா என்று என்னால் துணிந்து சொல்ல முடியவில்லை. “அப்படியென்றால் இதைக் கணக்கில் சேர்க்காதே” என்றார். அன்றே அவரிடம் மாற முடிவு செய்தேன். நெறியாளர் மாற்றத்துக்கு மேலும் நான்கு மாதம் ஆனது. பழைய பேராசிரியர் முகம் கோணாமல் கையெழுத்திட்டார்.

நெறியாளர் விஷயத்தில் ஒரு விதியையும் கவனியுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைப்படி, ஓய்வுபெற மூன்று ஆண்டுக்கும் குறைவாக உள்ளவர் புதிய ஆய்வாளரை ஏற்க முடியாது. ஒரே நேரத்தில் பேராசிரியர் எட்டு ஆய்வாளருக்கு, இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கு, உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கு மட்டுமே நெறியாளராக இருக்கலாம் என்று வரம்பும் உண்டு. உங்களுக்குப் பொருத்தமானவரிடம் இடம் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கேட்பதை யாரும் தவறாக நினைப்பதில்லை.

விண்ணப்பத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தால் தலைப்பு எழுதுவதைத் தள்ளி வையுங்கள். ஒரே வகைக் கல்வெட்டு நாற்பதை எடுத்து, உங்களுக்கு வேண்டிய சொல் எத்தனையில் ஐயமின்றித் தெரிகிறது என்று எண்ணுங்கள். பாதிக்கும் குறைவென்றால் வேறு சொல்லையோ வேறு வகைக் கொடையையோ பாருங்கள். பாதிக்கு மேல் தேறினால், அந்த அட்டவணையோடும் ஒரு நிழற்படத்தோடும் நீங்கள் நினைத்திருக்கும் நெறியாளரைப் பாருங்கள். அவர் முதலில் அட்டவணையைப் பார்க்கிறாரா, கல்லைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள்.