500 கிலோ முறுக்கு ஆர்டர்: வாங்கலாமா, விடலாமா?

*கேள்வி: வீட்டின் பின்கட்டில் ஒரே அடுப்பு வைத்து, நான்கு பெண்களுடன் முறுக்கு போடுகிறேன். நாளுக்கு ஏழு மணி நேரம் அடுப்பு எரியும். மணிக்கு 8 கிலோ வரும். சுற்றியுள்ள 20 கடைகளுக்கு நாளுக்கு 40 கிலோ, வாரத்தில் ஆறு நாள் போகிறது. விலை கிலோ 240 ரூபாய். வாடகை, கடன் தவணை எல்லாம் சேர்த்தால் அடக்கம் 170. பக்கத்து மில்லில் தொழிலாளர்களுக்குத் தீபாவளிக்குக் கொடுக்க 500 கிலோ கேட்கிறார்கள். அரைக் கிலோ பெட்டியாக, கிலோ 190-க்கு, தீபாவளிக்கு முந்தைய 12 வேலை நாளில் வேண்டுமாம். பணம் ஒரு மாதம் கழித்து. "அடுத்த வருஷமும் உங்களுக்குத்தான்" என்கிறார்கள். கிலோவுக்கு 20 ரூபாய் நிற்கிறதே, வாங்கிக்கொள்ளலாமா?*
*— ஒரு வாசகி, திருமங்கலம்*

கேட்ட அளவில், கேட்ட தேதியில் வாங்காதீர்கள். 400 கிலோவாகக் குறைத்து, தேதியை இரண்டு வாரம் முன்னுக்கு இழுக்க முடிந்தால் வாங்கலாம்.

முதலில் அந்த 20 ரூபாயை ஓரமாக வையுங்கள். 170 அடக்கத்தில் வாடகையும் தவணையும் இருக்கின்றன. மில்லுக்குப் போட்டாலும் போடாவிட்டாலும் அவை மாறப்போவதில்லை. அவற்றுக்குக் கிலோவுக்கு 20 ரூபாய் என்று கழித்தால், ஒவ்வொரு கிலோவுக்கும் புதிதாகக் கையை விட்டுப் போகும் காசு 150. மாவு, எண்ணெய், கேஸ், கூலி, கவர் எல்லாம் அதில் அடக்கம். மில்லுக்கு அட்டைப்பெட்டி வேண்டும். பெட்டி 7 ரூபாய் என்றால் கிலோவுக்கு 14; வழக்கமான கவர் செலவு 4 மிச்சமாகும். ஆக மில் முறுக்குக்குக் கைச்செலவு 160, நிற்பது 30. உங்கள் கணக்கைவிட இது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த முறுக்கை எந்த நேரத்தில் போடப்போகிறீர்கள் என்பதை வைத்து இந்த 30 தலைகீழாக மாறும்.

ஏழு மணி நேரத்தில் உங்கள் அடுப்பு 56 கிலோ தரும். கடைகளுக்கு 40 போக மிச்சம் 16. பன்னிரண்டு நாளில் 192 கிலோ. இது சும்மா கிடக்கும் அடுப்பு நேரம், இதில் 30 ரூபாய் முழுசாக நிற்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் மாலையில் மூன்று மணி நேரம் கூடுதலாக எரிக்க வேண்டும். நாளுக்கு 24 கிலோ, பன்னிரண்டு நாளில் 288. கூடுதல் நேரத்துக்கு ஒன்றரைப் பங்கு கூலி தருவதுதான் நியாயம். கிலோவுக்கு 24 ரூபாய் கூலி என்று வைத்தால் அது 36 ஆகும், நிற்பது 18. இரண்டும் சேர்ந்தே 480 கிலோதான் வருகிறது. 500 எட்டவில்லை.

கூடுதல் நேரம் எரிக்காமல், கடைக்குப் போகும் முறுக்கைத் திருப்பி மில்லுக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? கடைக்கு விற்கும் கிலோவில் உங்களுக்கு நிற்பது 240-இல் 150 போக 90. மில்லில் நிற்பது 30. திருப்பிவிடும் ஒவ்வொரு கிலோவுக்கும் 60 ரூபாய் கையிலிருந்து கொடுக்கிறீர்கள். மிச்ச நேரத்தில் 192 கிலோ போட்டு, பாக்கி 308 கிலோவைக் கடைப் பங்கிலிருந்து எடுத்தால் 5,760 வரும், 18,480 போகும். ஓடாய் உழைத்து 12,720 ரூபாய் நஷ்டம். சரக்கு வாங்குபவர்கள் "மொத்தமாக எடுக்கிறோம், விலை குறையுங்கள்" என்று கேட்பது வழக்கம். உங்கள் அடுப்பு நிரம்பிய பிறகு கேட்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் அவர்கள் 250 கொடுத்தால்தான் உங்களுக்குச் சமம். அதாவது கடை விலையைவிட அதிகம்.

இதைவிடப் பெரிய பள்ளம் தேதியில் இருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் கடைகள் வழக்கமான 40 கிலோவோடு நிற்குமா? போன வருட நோட்டை எடுத்து அந்த இரண்டு வாரத்தை மட்டும் கூட்டிப் பாருங்கள். 55 கிலோ போயிருந்தால், மிச்சம் என்று நாம் எண்ணிய 16 கிலோ இல்லவே இல்லை. அப்போது மில்லுக்காகக் கையில் இருப்பது மாலை நேரம் மட்டும்: 288 கிலோ, அதில் நிற்பது 5,184 ரூபாய். வருடத்திலேயே உங்கள் அடுப்பு அதிகம் சம்பாதிக்கும் நாட்களை மில் மலிவு விலைக்குக் கேட்கிறது. அவர்களுக்கு அது தெரிந்திருக்காது. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடையில் உங்கள் பாக்கெட் தொங்கும் கொக்கி மூன்று நாள் காலியாக இருந்தால், நான்காம் நாள் வேறு ஆள் பாக்கெட் அங்கே தொங்கும். பண்டிகை முடிந்து நீங்கள் போய் நின்றால், "அவங்க சரக்கு கிடக்கு, தீரட்டும்" என்பார் கடைக்காரர். நாளுக்கு இரண்டு கிலோ எடுக்கும் மூன்று கடைகள் போனால் மாதம் 26 நாளுக்கு 14,040 ரூபாய் போச்சு. மில் ஆர்டரை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அவ்வளவு நிற்காது.

அதனால் மில்லிடம் பேசும் முன் கடைக்காரர்களிடம் பேசுங்கள். தீபாவளிக்கு யாருக்கு எத்தனை கிலோ, எந்தத் தேதியில் என்று கேட்டு நோட்டில் எழுதி அவர்களுக்கும் காட்டுங்கள். அந்தத் தொகை போக மீதிதான் மில்லுக்கு.

பிறகு மில்லிடம் வைக்க வேண்டிய பேச்சு இது: 400 கிலோ, தீபாவளிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் கைக்குச் சேர்த்துவிடுவோம். அப்படியானால் போடும் நாட்கள் கடை நெரிசலுக்கு முன்னால் விழும், அந்த 16 கிலோ மிச்சம் நிஜமாகவே இருக்கும். ஏன் 480 அல்ல, 400? பெட்டியில் அடுக்கும்போது நூற்றுக்கு நான்காவது உடையும். அதற்கு 416 கிலோ போட வேண்டும். 192 மிச்ச நேரத்தில், 224 மாலையில். மாலை வேலை ஒன்பது பத்து நாள் வந்தால் போதும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும், ஒரு நாள் கரண்ட் போய் மாவு மில் நின்றாலும் சமாளிக்க இரண்டு நாள் கையில் இருக்கும். நிற்பது சுமார் 9,500 ரூபாய். உடைசலைக் கிலோ நூறு ரூபாய்க்குத் தள்ளினால் அதில் ஒரு 950 போகும். இந்தத் தொகைக்கு அந்த உழைப்பு தகுமா என்பதை நீங்களும் அந்த நான்கு பெண்களும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். பத்து மணி நேரம் நெருப்பருகே நிற்கப்போவது அவர்கள்.

முறுக்கு அத்தனை நாள் தாங்குமா என்று மில்லில் கேட்பார்கள். காற்றுப் புகாமல் கட்டினால் மூன்று வாரம் தாங்கும், ஆனால் இப்போதே ஒரு பெட்டி கட்டி வைத்து 25-ஆம் நாள் உடைத்துப் பாருங்கள். வெறும் அட்டைப்பெட்டி போதாது, உள்ளே ஒட்டிய கவர் வேண்டும். தீபாவளி நேரம் வடகிழக்குப் பருவமழைக் காலம், அட்டை ஈரத்தை இழுக்கும்.

மொத்த ஆர்டர் கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, ஆறாமல் கட்டுவது. மாலையில் போட்டதை இரவே முடித்துவிடலாம் என்று சூட்டோடு பெட்டியில் போட்டால், உள்ளே ஆவி வேர்த்து முறுக்கு நமுத்துவிடும். தட்டில் பரப்பி, கைக்கு முழுதாகக் குளிர்ந்த பிறகே கட்ட வேண்டும். மாலைச் சரக்கை மூடிய டின்னில் வைத்து மறுநாள் காலை பெட்டியில் போடுவது நல்லது. இன்னொன்று எண்ணெய். ஒரு கிலோ முறுக்கு ஏறக்குறைய கால் கிலோ எண்ணெயைக் குடிக்கும், அதனால் புது எண்ணெய் ஊற்றிக்கொண்டேதான் இருப்பீர்கள். ஆனாலும் அடியில் தங்கும் மாவுத்தூள் கருகி, மேலே ஊற்றிய புது எண்ணெயையும் கெடுக்கும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அடுப்பை நிறுத்தி வடிகட்டுங்கள். நுரை அடங்காமல் நின்றாலோ, நிறம் கறுத்து வழக்கத்தைவிடச் சீக்கிரம் புகைந்தாலோ மாற்றிவிடுங்கள். கெட்ட எண்ணெயில் போட்டது அன்றைக்குத் தெரியாது. இரண்டு வாரத்தில் சிக்கு வாடை அடிக்கும், அதுவும் மில்லில் எல்லோர் வீட்டிலும் ஒரே நாளில்.

விலை கசியும் என்பதையும் யோசியுங்கள். பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண் இல்லாமல் கொடுக்க முடியாது, ஆகவே உங்கள் சரக்கு என்று ஊருக்குத் தெரியும். 190-க்குக் கொடுத்தது தெரிந்தால் 240 கொடுக்கும் கடைக்காரர் சும்மா இருப்பாரா? மில்லுக்குச் சின்னச் சுற்று முறுக்காகவோ, கடைக்குப் போடாத வேறு ருசியிலோ கொடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து விலை பேச இடம் இருக்காது. ஆனால் அச்சு சிறிதானால் பிழியும் நேரம் கூடும். மணிக்கு 8 கிலோ வருகிறதா என்று ஒரு மணி நேரம் போட்டுப் பார்த்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள், வராவிட்டால் மேலே சொன்ன கணக்கு அத்தனையும் மாறும்.

பணம். கூலி நீங்கலாகப் பொருட்செலவு கிலோவுக்கு 136, 400 கிலோவுக்கு 54,400 ரூபாய். இதை நீங்கள் ஒரு மாதம் சுமந்தால் கடைகளுக்கு மாவு, எண்ணெய் வாங்கும் காசுதான் முடங்கும். மொத்தத் தொகை 76,000-இல் 55,000 முன்பணம் வந்த பிறகு எண்ணெய் வாங்குங்கள். பண்டிகை நெருங்க எண்ணெய் கிலோவுக்கு 15 ரூபாய் ஏறினால் முறுக்கில் கிலோவுக்கு நான்கு ரூபாய் குறையும், மாலை நேரத்து 18 ரூபாய் 14 ஆகிவிடும். ஆகவே முன்பணம் வந்த அன்றே எண்ணெயை வாங்கிவிடுவது நல்லது.

மீதிப் பணத்துக்குத் தேதி போட்டு எழுத்தில் ஆர்டர் வாங்குங்கள். உத்யம் என்ற சிறுதொழில் பதிவு இல்லையென்றால் சரக்கு அனுப்பும் முன்பே செய்துவிடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு நிறுவனத்துக்கு எழுதிக்கொண்ட தேதியில் பணம் தர வேண்டும். அந்தத் தேதி 45 நாளைத் தாண்டக் கூடாது. எதுவும் எழுதிக்கொள்ளாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. அதோடு, அந்தக் கெடுவுக்குள் பணம் தராத நிறுவனம், கட்டி முடிக்கும்வரை அந்தத் தொகையை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. மில்லின் கணக்காளருக்கு இது தெரியும். நீங்கள் பில்லில் உத்யம் எண்ணைப் போட்டாலே போதும்.

"அடுத்த வருஷமும்" என்பதற்கு இந்தக் கணக்கில் ஒரு ரூபாய்கூட வைக்காதீர்கள். நிஜமாகவே வருடா வருடம் வேண்டுமென்றால், ஆடி மாதமே ஆர்டரும் முன்பணமும் தரட்டும். அப்போது போடும் நாட்களைக் கடை நெரிசலுக்கு முன்னால் வைத்துக்கொள்ளலாம், 190-க்கே தாராளமாகக் கொடுக்கலாம். தேதியை முன்னுக்கு இழுக்க மில் சம்மதிக்காவிட்டால், கடை ஆர்டர் போக மாலை நேரத்தில் மட்டும் வரும் 250 கிலோவை ஒப்புக்கொள்ளுங்கள். முழுசாகத்தான் வேண்டும் என்றால் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிடுங்கள்.