அறிக்கையில் பேச்சுமொழி: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

கருவிகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். நான் எழுதிய சோதனை அறிக்கையின் ஒரு பத்தியை மேலதிகாரி சிவப்பு மையால் வட்டமிட்டு, ‘இது பேச்சு, அறிக்கை அல்ல’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். பத்தி இதுதான்: ‘சூடு அதிகமானா அலாரம் அடிக்கணும். ஆனா ரெண்டு தடவ சொதப்பிடுச்சு. இந்த மாதிரிக் கருவிய யாரு நம்புவாங்க?’ படிப்பவருக்கு எல்லாம் புரியத்தானே செய்கிறது? நீங்களும் உங்கள் கட்டுரைகளில் கொச்சையையும் கேள்விகளையும் தாராளமாகப் பயன்படுத்துகிறீர்கள். இந்த விதி எதற்காக, யாருக்காக?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பத்தி எனக்கும் புரிந்தது. ஆனால் அதன் நடுவில் இருக்கும் ‘சொதப்பிடுச்சு’ என்ற சொல்லில் நான் சற்று நேரம் நின்றுவிட்டேன். மணி ஒலிக்கவே இல்லையா, தாமதமாக ஒலித்ததா, சூடு ஏறாதபோதே ஒலித்ததா என்பதை அந்தச் சொல் சொல்லவில்லை. இம்மூன்றும் வெவ்வேறு கோளாறுகள், பழுதுபார்ப்பவர் தேட வேண்டிய இடங்களும் வெவ்வேறு. நீங்கள் எதிரில் அமர்ந்து சொல்லியிருந்தால் ‘எப்படிச் சொதப்பியது’ என்று கேட்டிருப்பேன். அறிக்கையைப் படிப்பவர் ஓராண்டு கழித்து, நீங்கள் வேறு பணிக்குப் போன பிறகு, தனியாகப் படிக்கிறார். அவருக்கு அந்த வசதி கிடையாது. கொச்சைச் சொல் பெரும்பாலும் நடந்ததைச் சொல்லாமல், நடந்ததைப் பற்றிய நம் எரிச்சலையோ பாராட்டையோ மட்டும் சொல்கிறது என்பதே அதன் மேல் உள்ள முதன்மையான குறை. அது தாழ்ந்த சொல் என்பதற்காக விலக்கப்படுவதாக நான் கருதவில்லை.

சுருங்கிய வடிவங்களின் சிக்கல் வேறு வகையானது. ‘செவிலி சொன்னா மருந்த நிறுத்தணும்’ என்று ஒரு குறிப்பேட்டில் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ‘சொன்னாள்’, ‘சொன்னால்’ ஆகிய இரண்டுமே பேச்சில் ‘சொன்னா’ என்றுதான் ஒலிக்கின்றன. செவிலி ஏற்கெனவே சொல்லிவிட்டார், ஆகவே மருந்தை நிறுத்த வேண்டும் என்பது ஒரு பொருள். அவர் சொல்லும் வரை மருந்து தொடரட்டும் என்பது அதற்கு நேர் எதிரான இன்னொரு பொருள். பேசும்போது குரலின் ஏற்ற இறக்கமும் இடையே விடும் சிறு நிறுத்தமும் இவற்றைப் பிரித்துக் காட்டிவிடும். எழுத்தில் அவை இல்லாததால், பேச்சு விழுங்கிய ‘ள்’ அல்லது ‘ல்’ திரும்பி வந்தாக வேண்டும். ‘செய்யல’ என்பதும் இப்படிப்பட்டதுதான். இறுதியில் துணைக்காலும் ‘ம்’ எழுத்தும் தவறிப்போன ‘செய்யலாம்’ என்று அதை அவசரத்தில் படித்துவிட்டால், மறுப்பு அனுமதியாக மாறிவிடும். இது தமிழுக்கு மட்டும் உரிய கவலையும் அன்று. பிரிட்டன் அரசின் இணையதளத்துக்கான நடைக் கையேடு, ஆங்கிலத்தில் எதிர்மறைச் சுருக்கங்களைத் தவிர்க்கும்படி சொல்கிறது. பலருக்கு அவற்றைப் படிப்பது கடினமாக இருக்கிறது, அல்லது அவர்கள் அவற்றை எதிர்ப்பொருளில் படித்துவிடுகிறார்கள் என்பதே அது தரும் காரணம்.

சுருக்கம் எதுவானாலும் கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. ‘இப்பொழுது’ என்பது சுருங்கி ‘இப்போது’ ஆனது, அதை எந்த அறிக்கையிலும் எழுதலாம். அதுவே மேலும் சுருங்கி ‘இப்ப’ ஆனால் மேலதிகாரியின் சிவப்பு மை வேலை செய்யத் தொடங்கும். நன்னூல் இப்படித் திரிந்து சுருங்கிய சொற்களை மரூஉ என்று பெயரிட்டு, இயல்பு வழக்கின் ஒரு வகையாகவே ஏற்றுக்கொள்கிறது. ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் வழங்கும் சொல்லைக் குழூஉக்குறி என்று அதே நூற்பாவில் தனியாக வைக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது உரைகாரர்கள் அதற்குத் தரும் எடுத்துக்காட்டு. இரண்டும் வழக்குத்தான், ஆனால் ‘பறி’ பட்டறைக்கு வெளியே போனால் பொருள் இழந்துவிடும். உங்கள் ஆய்வுக்கூடத்தின் உள்குறிப்பேட்டில், சகஊழியர் நால்வர் மட்டுமே படிக்கும் இடத்தில், ‘சொதப்பல்’ என்றால் மணி ஒலிக்காததைத்தான் குறிக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தால், அங்கே அதை எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை.

கடைசி வரிக்கு வருகிறேன். ‘யாரு நம்புவாங்க’ என்பது வடிவில் கேள்வி, பொருளில் ‘ஒருவரும் நம்பமாட்டார்’ என்ற மறுப்பு. நம் இலக்கணம் இதை நன்றாக அறியும். ‘அவனோ கொண்டான்’ என்பதில் உள்ள ஓகாரம், அவன் கொள்ளவில்லை என்று பொருள் தரும்போது எதிர்மறை ஓகாரமாகிறது. எழுத்தில் அதே தொடர் வெறும் கேள்வியாகவும் நிற்கக்கூடும், குரல்தான் அதைத் திருப்புகிறது. ஆனால் அறிக்கையில் இதைவிடப் பெரிய இடர், அந்தக் கேள்வி ஆதாரம் காட்டும் பொறுப்பைப் படிப்பவர் மேல் தள்ளிவிடுவதுதான். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்துக்கு நான் எழுதிய மனுவில், என் வாதத்தின் மிகப் பலவீனமான இடத்தில், ‘இதை யார் மறுக்க முடியும்?’ என்று எழுதியிருந்தேன். மனு திரும்பி வந்தபோது அந்த வரிக்கு எதிரே ஓரத்தில், பென்சிலால், ‘நான்’ என்று இருந்தது. ஆதாரம் இருந்திருந்தால் அங்கே ஆதாரத்தைத்தான் எழுதியிருப்பேன் என்பது மனுவைப் படித்த அதிகாரிக்குத் தெரிந்துவிட்டது.

உங்கள் பத்தியை நான் எழுதினால் ஏறத்தாழ இப்படி இருக்கும். அளவுகளை நீங்கள் தராததால் எடுத்துக்காட்டுக்காக எண்களை இட்டிருக்கிறேன்: ‘வெப்பநிலை 80 பாகை செல்சியஸைத் தாண்டினால் எச்சரிக்கை மணி ஒலிக்க வேண்டும். 10 முறை சோதித்ததில் 2 முறை ஒலிக்கவில்லை. ஆகவே இக்கருவியை மட்டும் நம்பி நேரடிக் கண்காணிப்பை நிறுத்துவது பாதுகாப்பானதன்று.’ கடைசி வாக்கியம் உங்கள் கேள்வியைவிடக் குறைவாகவே கோருகிறது. கருவியை ஒருவரும் நம்பமாட்டார் என்பதை நீங்கள் நிறுவ முடியாது, ஆனால் கண்காணிப்பை விடக்கூடாது என்பதை அந்த இரண்டு தவறுகளைக் கொண்டே நிறுவிவிடலாம்.

‘மணி எந்த வெப்பநிலையில் ஒலிக்கத் தவறுகிறது?’ என்று அறிக்கையின் தொடக்கத்தில் கேட்டு, பின்வரும் பக்கங்களில் விடை தேடினால், அந்தக் கேள்வியை ஒருவரும் வட்டமிட மாட்டார்கள், ஏனெனில் அது உண்மையாகவே விடையை வேண்டி நிற்கிறது. என் கட்டுரைகளில் விடை வேண்டாத கேள்விகளும் வருகின்றன என்பது சரிதான். கட்டுரையின் வாசகர் என் குரலைக் கேட்கவே வருகிறார், அது அவருக்குப் பிடிக்காவிட்டால் பக்கத்தை மூடிவிட்டுப் போகலாம். அறிக்கையை வைத்து ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும்.

விதி முழுவதுமாகத் தலைகீழாகும் இடம் ஒன்றும் உண்டு. பிறர் சொன்னதை மேற்கோளாகப் பதியும்போது அதைத் திருத்தக் கூடாது. கருவியை இயக்கியவர் ‘சூப்பர்வைசர் சொன்னா ஆஃப் பண்ணுவேன்’ என்று வாக்குமூலம் தந்தால், அதைச் ‘சொன்னால்’ என்று மாற்றுவது நடை திருத்தமாகத் தோன்றும், ஆனால் எந்தப் பொருள் என்ற முடிவை அங்கே நீங்களே அவருக்காக எடுத்துவிடுகிறீர்கள். அவர் சொன்னபடியே மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். எந்தப் பொருளில் சொன்னார் என்பதை அவரிடமே கேட்டு, அந்த விடையை அடுத்த வரியில், உங்கள் சொற்களில், முழு வடிவத்தில் எழுதுங்கள்.

அன்புடன்.