ரிசல்ட் ராத்திரியில் ஸ்டாப்லாஸ் காவல் காக்காது

கேள்வி: அண்ணே, தக்கலையில் ரப்பர் ஷீட் வியாபாரம் பண்றேன். சார்ட் பார்த்து 820-க்கு வாங்கின 200 பங்கு இப்போ 850. 830-ல் ஸ்டாப்லாஸ் இருக்கு. நாளை சாயங்காலம் கம்பெனியின் காலாண்டு ரிசல்ட். வச்சிருக்கலாமா? டிரேடிங் பணம் மொத்தம் நாலு லட்சம்.

160 பங்கை நாளை மூன்றரை மணிக்குள் விற்றுவிடுங்கள், 40 மட்டும் இருக்கட்டும். கணக்கைச் சொல்கிறேன்.

முதலில் அந்த 830-ஐ மறந்துவிடுங்கள். சாதாரண ஸ்டாப்லாஸ் ஆர்டர் அன்றைக்குச் சந்தை மூடியதுமே ரத்தாகிவிடும். பல நாள் நிற்கிற ஜிடிடி ஆர்டர் போட்டிருந்தால் மறுநாளும் இருக்கும், ஆனால் 830-ல் டிரிகர், 828-க்கு லிமிட் என்று வைத்த பங்கு காலையில் 770-ல் திறந்தால் என்ன ஆகும்? டிரிகர் ஆகும், 828-க்கு விற்பனை ஆர்டர் போகும், அந்த விலைக்கு வாங்க ஆள் இருக்காது, பங்கு உங்கள் கையிலேயே கிடக்கும். எனக்கு ஒருமுறை இப்படித்தான் ஆனது. ஸ்டாப்லாஸ் இருக்கிறதே என்று நிம்மதியாகத் தூங்கி, பத்து மணிக்குத்தான் மொபைலைப் பார்த்தேன்.

அதனால் எவ்வளவு தாண்டிக் குதிக்கும் என்பதுதான் கேள்வி. அதை ஆப்ஷன் விலையே ஓரளவு சொல்லும். நாளை மதியம் அந்தப் பங்கை 850-க்கு வாங்கும் உரிமையான 850 கால், 850-க்கு விற்கும் உரிமையான 850 புட் இரண்டின் விலையையும், பக்கத்து எக்ஸ்பைரியில் பார்த்துக் கூட்டுங்கள். 26-ம் 24-ம் என்று வைத்துக்கொள்வோம், ஆக 50 ரூபாய். மேலேயோ கீழேயோ அவ்வளவு நகரலாம் என்று சந்தை விலை வைத்திருக்கிறது (எக்ஸ்பைரி தள்ளி இருந்தால் மற்ற நாட்களின் அசைவும் அதில் கலந்திருக்கும்). ஆனால் அது எல்லை இல்லை. 2024 ஜனவரியில் எச்டிஎஃப்சி பேங்க் மாதிரி பெரிய பங்கே ரிசல்ட்டுக்கு மறுநாள் 8 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. நான் எப்போதும் இரண்டு மடங்கு, அதாவது இங்கே 100 ரூபாய், விழும் என்றே கணக்குப் போடுவேன். ஆப்ஷன் இல்லாத பங்கு என்றால், கடந்த எட்டு ரிசல்ட்டுக்கு மறுநாள் எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள்.

200 பங்குக்கு 100 ரூபாய் என்றால் 20,000, உங்கள் பணத்தில் 5 சதவீதம். ஒரு டிரேடில் 1 சதவீதம், 4,000 வரை போகலாம் என்றால் 40 பங்குதான் வருகிறது. 160-ஐ விற்றதில் 4,800 ரூபாய் லாபம் கைக்கு வந்துவிடும். மீதி 40 பங்கு 750-க்கே போனாலும் வாங்கின விலையிலிருந்து நஷ்டம் 2,800தான்.

புட் வாங்கிப் பாதுகாக்கலாமே என்று தோன்றும். ஆப்ஷனை முழு லாட்டாகத்தான் வாங்க முடியும்; லாட் 700 பங்கு என்றால் 24 ரூபாய் புட்டுக்கே 16,800 ஆகிறது, 200 பங்குக்கு அது கட்டாது. ரிசல்ட் வந்ததும் பிரீமியமும் மளமளவென்று வடியும்.

மறுநாள் 9 மணிக்கு ப்ரீ-ஓப்பனில் விலையைப் பாருங்கள். 830-க்குக் கீழே திறந்தால் அந்த 40-ஐ 9:15-க்குப் பிறகு கிடைக்கிற விலைக்கு விற்றுவிடுங்கள். ஷீட்டை நாளைக்கு விலை ஏறும் என்று குடோனில் வைத்த கதையை இதில் கலக்காதீர்கள்.