பதவி வேண்டும், ஒசூர் முடியாது: பரிந்துரைத்தவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன், வீடு காட்பாடி. ஒசூரில் தொடங்கப்போகும் யூனிட்டுக்கு அசிஸ்டென்ட் மேனேஜராகப் போகச் சொல்கிறார் மேனேஜர். என் பெயரைச் சொன்னவரே அவர்தான். அப்பாவுக்கு வேலூரில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், என்னால் போக முடியாது. அவர் மனம் நோகாமல் எப்படி மறுப்பது?

பதில்:

உங்களுக்கு வந்திருக்கும் வாய்ப்பில் பதவி, ஊர், சேரும் தேதி என்று மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. உங்களால் முடியாதது ஊர் மட்டும். ஆனால் பலரும் 'எனக்கு இது வேண்டாம் சார்' என்று மொத்தமாகச் சொல்லிவிடுகிறார்கள். கேட்பவர் காதில் அது 'மேலே வர இவனுக்கு ஆசையில்லை' என்றுதான் விழும். அடுத்த முறை ராணிப்பேட்டையிலேயே ஒரு இடம் காலியானாலும் உங்கள் பெயர் நினைவுக்கு வராது. அதனால் பேச்சிலும் கடிதத்திலும் ஒசூரை மட்டும் மறுங்கள், பதவியைத் தொடாதீர்கள்.

முதலில் உங்கள் கையில் இருப்பது என்ன என்று பாருங்கள். மேனேஜர் வாயால் கேட்டிருந்தால், அல்லது 'சம்மதத்தைத் தெரிவிக்கவும்' என்று கடிதம் வந்திருந்தால், அது உங்கள் விருப்பத்தைக் கேட்பது. தாராளமாக மறுக்கலாம். 'இன்ன தேதியில் ரிலீவ் ஆகி அங்கே சேர வேண்டும்' என்று ஆர்டரே வந்துவிட்டால் கதை வேறு. உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் பாருங்கள். 'நிர்வாகம் எந்தக் கிளைக்கும் மாற்றலாம்' என்ற வரி பெரும்பாலும் அதில் இருக்கும். அப்படி இருந்தால் 'போக மாட்டேன்' என்று எழுதுவது உத்தரவை மீறுவதாகக் கொள்ளப்படும். அப்போது எழுத வேண்டியது மறுப்பு அல்ல, 'மறுபரிசீலனை செய்யுங்கள்' என்ற கோரிக்கை. பதில் வரும்வரை வேலைக்கு வராமலும் இருக்கக் கூடாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இன்னும் பேச்சளவில்தான் இருக்கிறது. மறுக்க நல்ல நேரம் இதுதான். மேலிடத்தில் பெயர் உறுதியாகி மெயில் போன பிறகு சொன்னால், மேனேஜர் தன் வார்த்தையைத் தானே திரும்பப் பெற வேண்டியிருக்கும். அவர் மனம் நோவது பெரும்பாலும் அங்கேதான்.

'யோசிச்சுச் சொல்றேன் சார்' என்று இழுக்காதீர்கள். நம் பக்கத்தில் மரியாதைக்காக 'பார்க்கலாம்' என்போம், கேட்பவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார். பேசாமல் இருந்தாலும் அதே அர்த்தம்தான். வீட்டில் கலந்து பேச அவகாசம் தேவையென்றால் நாளைச் சொல்லிக் கேளுங்கள்: 'வியாழக்கிழமை காலையில முடிவு சொல்லிடறேன் சார்.' சொன்ன நாளில் நீங்களே போய் நில்லுங்கள், அவர் கூப்பிட்டுக் கேட்கும்படி விடக் கூடாது.

முதலில் சொல்ல வேண்டியவர் அந்த மேனேஜர்தான். ஹெச்.ஆரிடம் முதலில் போனால், தான் சிபாரிசு செய்த ஆள் மறுத்த செய்தி அவருக்கு வேறொருவர் வாயால் வரும். லைனில் நெருங்கியவரிடம்கூட அதற்கு முன் வாய் திறக்காதீர்கள். காட்பாடியில் ஏறும் கம்பெனி பஸ் திருவலம் பாலத்தைத் தாண்டுவதற்குள் செய்தி எல்லாருக்கும் போய்விடும். காலையில் டார்கெட் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் போகாமல், அன்றைய அவுட்புட் கணக்கு முடிந்த பிறகு அவர் அறையில் பத்து நிமிஷம் கேட்டு வாங்குங்கள்.

நன்றி சொல்வதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். 'என் மேல் வைத்த நம்பிக்கைக்கு ரொம்ப நன்றி சார், ஆனால்' என்று தொடங்கினால், 'ஆனால்' வந்த உடனே அந்த நன்றி மறுப்புக்கான முன்னுரையாகிவிடுகிறது. அவர் உங்களை எதை வைத்துத் தேர்ந்தெடுத்தார் என்பதைச் சொல்லி நன்றி கூறுங்கள். பிறகு கொஞ்சம் நிறுத்திவிட்டு, தனி வாக்கியமாக முடிவைச் சொல்லுங்கள். இப்படி:

'சார், போன வருஷம் புது ஸ்டைல் வந்தப்போ லைன் பேலன்சிங்க முழுசா என்கிட்ட விட்டீங்க. ரீவொர்க் கூடினப்பவும் என்னை மாத்தல, கத்துக்க டைம் குடுத்தீங்க. இப்போ ஒரு யூனிட்டையே நம்பிக் குடுக்கறீங்க. இது எனக்குப் பெரிய விஷயம் சார்.'

'ஒசூருக்கு என்னால வர முடியாது சார். அப்பாவுக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் ஆகுது. கூட்டிட்டுப் போய் வர நான் ஒருத்தன்தான். இங்கேயே மேல ஒரு பொறுப்பு வந்தா மனசார எடுத்துக்கறேன்.'

காரணம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். அப்பா உடம்பு, பிள்ளையின் பத்தாம் வகுப்பு, ஒசூர் வாடகை என்று மூன்றை அடுக்கினால் கனம் கூடாது, குறையும். நல்ல மேனேஜர் ஒவ்வொன்றுக்கும் வழி தேடித் தருவார். ஸ்கூல் சீட்டுக்குச் சொல்கிறேன் என்பார், வாடகைக்கு அலவன்ஸ் பேசுகிறேன் என்பார். இரண்டு காரணம் கரைந்த பிறகு மூன்றாவதும் சாக்காகத்தான் தெரியும். 'குடும்பச் சூழ்நிலை' என்று பொதுவாகச் சொல்வதும் ஆபத்து. வேறு கம்பெனியில் பேசி வைத்திருக்கிறானோ, சம்பளத்தைக் கூட்டக் கேட்கிறானோ என்ற சந்தேகம் அந்த இடைவெளியில்தான் நுழைகிறது. அப்பாவின் மருத்துவ விவரம் முழுவதையும் விரிக்க வேண்டாம், மேலே எழுதிய அளவு போதும்.

அவர் திருப்பிக் கேட்கக்கூடியவை மூன்று. மூன்றுக்கும் வீட்டிலேயே பதில் தயாராக வேண்டும்.

'ஒசூர்லயும் டயாலிசிஸ் இருக்கேப்பா' என்பார். உண்மைதான், இருக்கிறது. அதனால் 'அங்கே வசதி இல்லை' என்று சொல்லிவிடாதீர்கள். 'இருக்கு சார். ஆனா அப்பா இந்த ஊரை விட்டு வர மாட்டேங்கறார், பல வருஷமா பார்க்கற டாக்டரும் இங்கதான்' என்று உள்ளதைச் சொல்லுங்கள். டாக்டர் சொல்லாததை டாக்டர் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். ஒரு சின்னப் பொய் தெரிந்தாலும் உண்மையான காரணமும் கூடவே போய்விடும்.

'ஆறு மாசம் மட்டும் இருந்துட்டு வந்துடு' என்பதுதான் கடினமான கேள்வி. தயாராகாமல் போனவர்கள் இங்கேதான் தலையாட்டிவிடுகிறார்கள். புது யூனிட்டில் லைன் நிலைபெறத் தாமதமானால் ஆறு மாசம் எளிதாக நீளும், பாதியில் திரும்பி வருவது இப்போது மறுப்பதைவிட அதிகம் கசக்கும். ஆனால் வெறுங்கையோடும் நிற்க வேண்டாம். எத்தனை நாள் போக முடியும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். தம்பியோ அக்காவோ இரண்டு வாரம் அப்பாவைப் பார்த்துக்கொள்வார்கள் என்றால், அது ஆறு டயாலிசிஸ். அவர்களிடம் கேட்டு உறுதி செய்த பிறகே சொல்லுங்கள்: 'லைன் செட் பண்ற சமயத்துல ரெண்டு வாரம் வந்து நிக்கறேன் சார். அங்க எடுக்கற சூப்பர்வைசர்களை இங்க அனுப்புங்க, நம்ம லைன்லயே பழக்கித் தர்றேன்.' நன்றியை அவர் கண்ணால் பார்ப்பது இதில்தான். அவருக்கு இருக்கும் சிக்கலில் ஒரு பகுதியை நீங்கள் தீர்க்கிறீர்கள்.

'சம்பளத்துல இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பேசட்டுமா?' என்றால் தயங்காமல், உடனே 'இது சம்பளத்துக்காக இல்ல சார்' என்று சொல்லுங்கள். அந்த இடத்தில் நீங்கள் ஒரு நொடி யோசித்தாலும் இதுவரை சொன்னதெல்லாம் பேரமாகத் தோன்றும். சம்பளம்தான் உண்மையான தடை என்றால் மறுக்கவே கூடாது. வாடகை, போக்குவரத்து எல்லாம் எழுதிக் காட்டி, எவ்வளவு தேவை என்று நேராகக் கேட்பதுதான் சரி.

உங்களுக்குப் பதில் யாரை அனுப்பலாம் என்று அவராகக் கேட்டால் மட்டும் பெயர் சொல்லுங்கள். அந்த ஆளிடம் முன்கூட்டி எதுவும் சொல்லி ஆசை காட்ட வேண்டாம்.

பேசிய அன்றோ மறுநாளோ கடிதம் கொடுத்துவிடுங்கள். உங்கள் கம்பெனியில் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றாலும் வரிசை இதுவே:

'ஒசூர் யூனிட்டின் அசிஸ்டென்ட் மேனேஜர் பொறுப்புக்கு என்னைப் பரிந்துரைத்ததற்கு மனமார்ந்த நன்றி. புதிய ஸ்டைல்களுக்கான லைன் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்து வழிநடத்தியதன் தொடர்ச்சியாகவே இதைக் கருதுகிறேன்.

என் தந்தைக்கு வேலூரில் வாரம் மூன்று முறை நடைபெறும் டயாலிசிஸ் சிகிச்சைக்கு நான் உடனிருக்க வேண்டியுள்ளதால், ஒசூருக்கு இடம் மாறும் இந்த வாய்ப்பை மட்டும் தற்போது ஏற்க இயலாத நிலையில் உள்ளேன்.

புதிய யூனிட் தொடங்கும் காலத்தில் இரண்டு வாரம் அங்கு வந்து பணியாற்றவும், அதற்கான சூப்பர்வைசர்களுக்கு இங்கு பயிற்சி அளிக்கவும் தயாராக இருக்கிறேன். ராணிப்பேட்டை யூனிட்டில் உயர் பொறுப்பு எழும்போது என்னையும் பரிசீலிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.'

இதில் 'மட்டும்', 'தற்போது' என்ற இரண்டு சொற்களையும் எடுத்துவிடாதீர்கள். சில இடங்களில் 'பதவி உயர்வு வேண்டாம்' என்று ஒரு வரியில் எழுதிக் கையெழுத்து கேட்பார்கள். அதை அப்படியே போட்டுக் கொடுத்தால் ஃபைலில் நிற்பது அந்த ஒரு வரிதான். 'ஒசூர் பணியிடம் மட்டும்' என்று சேர்த்து எழுதிக் கையெழுத்திடுங்கள், நகலில் பெற்றுக்கொண்டதற்கான தேதியும் வாங்குங்கள்.

இதைப் படிக்கும் மத்திய அரசு ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்னதை அப்படியே பின்பற்ற வேண்டாம், உங்களுக்கு விதியே இருக்கிறது. 1981 அக்டோபர் 1 தேதியிட்ட உத்தரவின்படி, நீங்கள் சொல்லும் காரணத்தை ஏற்றுக்கொண்டாலும் ஓராண்டுக்கு, அல்லது அடுத்த காலியிடம் வரும்வரை, இரண்டில் எது பிந்தியதோ அதுவரை புதிய வாய்ப்பு வராது. அதற்குள் பதவி உயர்ந்த ஜூனியர்கள் சீனியாரிட்டியில் உங்களுக்கு மேலே போய்விடுவார்கள். 10, 20, 30 ஆண்டுகளில் கிடைக்கும் எம்.ஏ.சி.பி. ஊதிய உயர்வும் சிக்கலாகும். அதற்குத் தகுதி பெறும் முன்பே பதவி உயர்வை மறுத்திருந்தால் அந்த உயர்வு கிடையாது. எழுதிக் கொடுக்கும் முன் தேதிகளைச் சரிபாருங்கள். மாநில அரசு, வங்கி ஊழியர்களுக்கு விதிகள் தனி, அவரவர் எஸ்டாப்ளிஷ்மென்ட் பிரிவில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உங்கள் விஷயத்தில் இன்னும் ஒன்று பாக்கி. வருட அப்ரைசல் ஃபார்மில் அடுத்து என்ன பொறுப்பு விரும்புகிறீர்கள் என்ற கட்டம் இருந்தால் காலியாக விடாதீர்கள். 'ராணிப்பேட்டை யூனிட்டில் அசிஸ்டென்ட் மேனேஜர் பொறுப்பேற்கத் தயார்' என்று எழுதுங்கள். மேனேஜர் மாறிப் போய்ப் புதியவர் வந்தால், பழைய மேனேஜரின் அறையில் நடந்த அந்தப் பத்து நிமிஷப் பேச்சு அவருக்குத் தெரியாது. அவர் படிக்கப்போவது அந்த ஃபாரத்தைத்தான்.