லைட் ஸ்விட்ச் சுடுகிறது, உள்ளே சரசரவென்று சத்தம்: ஸ்விட்சை மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி: எங்கள் வீட்டுப் பின்கட்டு லைட் ஸ்விட்ச் கொஞ்ச நாளாகத் தொட்டால் சூடாக இருக்கிறது. காதை வைத்துக் கேட்டால் மெல்லிய சரசரப்பு. அந்த லைட் பாயிண்டிலிருந்தே ஒயர் இழுத்து, குளியலறைக்கு வெளியே ஒரு பிளக் போட்டிருக்கிறோம். காலையில் வாட்டர் ஹீட்டர் ராடும் வாஷிங் மெஷினும் அதில்தான் ஓடும். எம்.சி.பி. ஒருமுறைகூட விழவில்லை. ஸ்விட்சை மட்டும் மாற்றிவிடலாமா?

பதில்: முதலில் அந்த லைனை நிறுத்துங்கள். ஸ்விட்சைத் தட்டி அணைக்க வேண்டாம். பழுதான முனைகள் லோடோடு பிரியும்போதுதான் பொறி அதிகமாகப் பறக்கும். டிபி பாக்ஸில் அந்த எம்.சி.பி.யை இறக்குங்கள். எது என்று தெரியாவிட்டால் மெயினையே இறக்குங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். லைட் லைன்கள் பெரும்பாலும் இன்வெர்ட்டரில்தான் இருக்கும்; மெயினை இறக்கினாலும் பேட்டரியிலிருந்து அதே ஸ்விட்சுக்குக் கரண்ட் வந்துகொண்டே இருக்கும்.

இனி, சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ராடு 1500 வாட், மெஷின் சுமார் 400 வாட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 1900 வாட். 230 வோல்ட்டில் இது 8 ஆம்பியருக்குச் சற்று மேல். லைட் ஸ்விட்ச் சாதாரணமாக 6 ஆம்பியருக்குச் செய்யப்பட்டது. வெறும் 20 வாட் எல்.இ.டி. லைட் மட்டும் என்றால் 0.1 ஆம்பியர்கூட வராது. அதனால் ஸ்விட்ச் சுடவே முடியாது. உங்கள் ஸ்விட்சைச் சுடவைப்பது லைட் அல்ல, பின்னால் தொங்கும் பிளக்.

ஸ்விட்சுக்குள் இரண்டு சின்ன உலோக முனைகள் ஸ்பிரிங் அழுத்தத்தில் ஒன்றையொன்று தொடுகின்றன. ஒவ்வொரு முறை பிரியும்போதும் சிறு பொறி எழுந்து முனையை அரிக்கும். லோடு அதிகமானால் அரிப்பும் அதிகம். குழி விழுந்த முனைகள் முழுமையாகத் தொடாமல் ஓரிரு புள்ளிகளில் மட்டும் தொடும், அங்கே சூடு ஏறும், சூட்டில் ஸ்பிரிங் தளரும், தளர்ந்தால் தொடுதல் இன்னும் மோசமாகும். அந்த இடத்தில் 0.1 ஓம் தடை ஏற்பட்டாலே 8 ஆம்பியரில் 6 வாட்டுக்கு மேல் வெப்பம் உண்டாகும். காற்றோட்டமில்லாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் அது சின்ன விஷயமில்லை. ஸ்விட்சைத் தட்டும்போது வரும் ஒரு டக் சத்தம் இயல்பு. தட்டிய பிறகும் தொடரும் சரசரப்பு, முனைகளுக்கிடையிலோ ஒயர் முடுக்கிய ஸ்க்ரூவிலோ பொறி விட்டுவிட்டுப் பறக்கிறது என்பதைச் சொல்கிறது. முற்றினால் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளவும் செய்யும். அப்புறம் ஸ்விட்சை அணைத்தாலும் லைட் அணையாது.

எம்.சி.பி. ஏன் விழவில்லை? லைட் லைனில் 10 ஆம்பியர் எம்.சி.பி. இருந்தால், அதன் கணக்கில் 8 ஆம்பியர் ஒரு தவறே இல்லை. பொறியும் லோடோடு ஒரே பாதையில் இருப்பதால் கரண்டைக் கூட்டாது, ஷார்ட் சர்க்யூட் போல அடையாளம் தராது. கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் விழும் ஆர்.சி.சி.பி.யும், இங்கே கசிவு இல்லாததால் விழாது. ஆகவே இந்தக் கோளாறை முதலில் காட்டிக்கொடுப்பது உங்கள் கையும் மூக்கும்தான்.

ஸ்விட்சை மட்டும் மாற்றினால் சில மாதம் அமைதியாக இருக்கும், பிறகு புது ஸ்விட்சும் இதே வழியில் போகும். 6 ஆம்பியருக்குப் பதில் 16 ஆம்பியர் ஸ்விட்ச் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஸ்விட்ச் தாங்கும், ஆனால் சுவருக்குள் இருக்கும் மெல்லிய 1 ஸ்கொயர் எம்.எம். ஒயரும் நடுவில் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பும் அப்படியே இருக்கும். சூடு உங்கள் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடும். இதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. லைட் பாயிண்டிலிருந்து இழுத்த பிளக்கில் பெரும்பாலும் எர்த்தும் இருக்காது. தண்ணீரில் வைக்கும் ராடுக்கு எர்த் இல்லாமல் இருக்கவே கூடாது.

லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை அழைத்து இரண்டு வேலை சொல்லுங்கள். ஒன்று, லைட் பாயிண்டிலிருந்து பிளக் இணைப்பை முழுவதுமாகக் கழற்றச் சொல்லுங்கள். போர்டைத் திறந்ததும் ஒயர் நுனியை நீங்களும் பாருங்கள். இன்சுலேஷன் பழுப்பாகி, மடித்தால் நொறுங்கினால், நல்ல செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டுத்தான் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள புது 6 ஆம்பியர் ஸ்விட்சில் முடுக்க வேண்டும். வெட்டிய பின் நீளம் போதாவிட்டால் ஒட்டுப்போட விடாமல் அந்தத் துண்டு ஒயரை மாற்றச் சொல்லுங்கள். ஸ்விட்ச் பேஸ் ஒயரில்தான் இருக்கிறதா, நியூட்ரலில் தவறாக இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். இரண்டாவது, பிளக்குக்கு டிபி பாக்ஸிலிருந்து தனி லைன்: 4 ஸ்கொயர் செம்பு ஒயர், எர்த் ஒயர், தனி 16 ஆம்பியர் எம்.சி.பி., 16 ஆம்பியர் ஸ்விட்சும் சாக்கெட்டும். இந்த லைன் இன்வெர்ட்டர் பக்கம் சேராமல் இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் ராடைத் தண்ணீரில் வைத்து அரைமணி நேரம் ஓடவிட்டு, உலர்ந்த கையால் இரண்டு ஸ்விட்ச் பிளேட்டுகளையும் தொட்டுப் பாருங்கள். லைட் ஸ்விட்ச் சுவரைப் போலவே குளிர்ந்திருக்க வேண்டும். புது 16 ஆம்பியர் பிளேட் கையில் உறைக்கும் அளவுக்குச் சுட்டால் எங்கோ ஸ்க்ரூ சரியாக முடுக்கப்படவில்லை. எலக்ட்ரீஷியன் கிளம்புவதற்கு முன்பே திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.