தவறான விடைகளின் மதிப்பு

அன்புள்ள ஐயா,

மேல்நிலை வகுப்புகளுக்குப் பல ஆண்டுகளாக வேதியியல் நடத்துகிறேன். நிறுவனப் பயிற்சித் துறைக்கு மாற விரும்பி, ‘வகுப்பறை மேலாண்மை, பேச்சுத் திறன், பொறுமை’ என்று தன்விவரக் குறிப்பில் எழுதி அனுப்பினேன், எவரும் அழைக்கவில்லை. கணினிவழிப் பாடங்கள் தயாரிக்க உதவும் ஸ்டோரிலைன் மென்பொருள் கற்றால் வழி பிறக்குமா?

கே., ஈரோடு

அன்புள்ள கே. அவர்களுக்கு,

ஸ்டோரிலைனைக் கற்றுக்கொள்ளுங்கள், அது பழகப் பழகக் கைவந்துவிடும். உங்களைக் கடிந்துகொள்ள வேண்டியது வேறொன்றுக்காக. பொறுமைசாலி என்று யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். ஆண்டுதோறும் கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்திய நீங்கள், அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விட்டிருக்கிறீர்களே!

18 கிராம் நீரில் எத்தனை அணுக்கள் என்று கேட்டால், 6.022×10²³ என்று எழுதும் மாணவன் எங்கே வழுக்கினான் என்பது உங்களுக்குப் பார்த்தவுடன் தெரியும்: மூலக்கூறுகளை எண்ணிவிட்டு, ஒவ்வொன்றிலும் மூன்று அணுக்கள் இருப்பதை மறந்துவிட்டான். பயிற்சித் துறையில் அரிதாகக் கிடைப்பது இந்தக் கண்தான்.

நான் ஒரு பயிற்சிப் பிரிவில் பணியாற்றியபோது, மருந்துக் கிடங்கு ஊழியர்களுக்கான பாடம் ஒன்று எங்களிடம் வந்தது. முதலில் காலாவதியாகும் சரக்கை முதலில் அனுப்ப வேண்டும் என்பது விதி. ‘இவ்விதி என்ன கூறுகிறது?’ என்ற இறுதிக் கேள்வியில் எல்லோரும் தேறினார்கள். கிடங்கிலோ பழைய தவறே தொடர்ந்தது. முன்பு பள்ளி ஆசிரியையாக இருந்த எங்கள் சக ஊழியர் ஒருவர் அந்தக் கேள்வியை நீக்கிவிட்டு இப்படி எழுதினார்: மார்ச்சில் வந்த பெட்டி டிசம்பரில் காலாவதியாகிறது, ஏப்ரலில் வந்தது ஆகஸ்டில்; மே மாதத்தில் எதை எடுப்பீர்கள்? வந்த வரிசையில் அனுப்பிப் பழகியவர் மார்ச் பெட்டியைச் சொல்வார். காலாவதியான சரக்கை விலக்கினால் போதும் என்று நினைப்பவர், ‘எதுவானாலும் சரி’ என்ற மூன்றாவது விடையைத் தேர்வார். இரண்டும் வெவ்வேறு பிழைகள் என்பதால், இருவருக்கும் திரையில் தோன்றும் விளக்கத்தையும் அவர் தனித்தனியாகவே எழுதினார்.

ஆசிரியர்கள் தடுமாறும் இடமும் அந்தக் கிடங்கிலேயே இருந்தது. சரியாகப் பதில் சொன்ன சிலரும் மார்ச் பெட்டியையே எடுத்தார்கள். ஏப்ரல் பெட்டி மேல் தட்டில் இருந்தது, ஏணி அருகில் இல்லை. அங்கே தேவைப்பட்டது ஏணி. இன்னொரு பாடம் நடத்தியிருந்தால் வீண். பாடத்திட்டம் கைக்கு வந்துசேரும் இடத்திலேயே பழகிவிட்ட உங்களுக்கு, ‘இதற்குப் பாடம் தேவைதானா?’ என்று முதலில் கேட்பது கடினமாகவே இருக்கும். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

தன்விவரக் குறிப்பில் ஒரே ஓர் அலகை எடுத்து, மாணவர்கள் திரும்பத் திரும்பச் செய்த பிழை எது, அதன் காரணத்தை எப்படிக் கண்டீர்கள், எதை மாற்றி நடத்தினீர்கள், அடுத்த தேர்வில் அது எவ்வளவு குறைந்தது என்று எழுதுங்கள். உடன் அனுப்பும் மாதிரிப் பாடத்துக்கு மட்டும், தயவுசெய்து, வேதியியலைத் தொடாதீர்கள். தெருமுனை மருந்துக் கடையில் அனுமதி பெற்று ஒரு நாள் நின்று, புதிதாகச் சேர்ந்தவர் எந்த வேலையில் தவறுகிறார் என்று பார்த்து, அதற்குப் பத்து நிமிடப் பாடம் ஒன்று தயாரியுங்கள்.